சிறுகதைக்கு உதவி வேண்டும்: இரும்புப் பெட்டியில் இரண்டு பாண்டு

கெடிலக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறுகதை பாதியில் நிற்கிறது. எழுதிய வரைக்கும் கீழே போட்டிருக்கிறேன். நான் எல்.ஐ.சி. பாலிசி போட்டவளே தவிர அந்த ஆபீஸ் கவுண்டருக்குள் என்ன நடக்கும் என்று தெரியாது. படித்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன பதில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மாணிக்கம் போய் இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகியும் செல்வி அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. கட்டிலுக்கடியில் தள்ளியது தள்ளியபடியே கிடந்தது. கவிதாவுக்குக் கல்லூரி விண்ணப்பம் போடச் சாதிச் சான்று வேண்டியிருந்தது. அதைத் தேடித்தான் இழுத்தாள்.

மேலே ஐஸ் வண்டியின் எஃப்.சி. தாள்கள். முதுநகர் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றும்போது கொடுத்த கூலிச் சீட்டுகள். தானே புயலில் கூரை போனதற்கு எழுதிக் கொடுத்த மனுவின் நகல். அதற்கும் கீழே ஜவுளிக்கடைப் பை ஒன்று. பைக்குள் இரண்டு பாண்டும் ஒரு கத்தை ரசீதும். ரசீதுகளைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் இளகிக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் உரித்தாள். மேல் ரசீதின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு நின்றது.

"அம்மா, இது அப்பா இன்ஷூரன்ஸு" என்றாள் கவிதா. "ஒண்ணு 2009, ஒண்ணு 2012."

"ரெண்டுமா கட்டினாரு?"

"கட்டித்தான் இருக்காரு. இங்க பாரு, 2020 வரைக்கும் ரசீது இருக்கு."

எதிர்வீட்டு அண்ணன் பாண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடுவுல கட்டாம விட்டுட்டாரும்மா. லாப்ஸ் ஆயிடுச்சு. போட்ட காசு போச்சுன்னு நெனச்சுக்க." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

செல்வி அன்றைக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டைத் தைக்கவில்லை. கொரோனா வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. படகு போகவில்லை, ஐஸ் போகவில்லை, வண்டி நின்றது. அந்த நாளில் ஏதோ ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரிச் சீட்டு" என்றார்.

மறுநாள் வண்டிப்பாளையத்திலிருந்து பஸ் ஏறினாள். பிராஞ்சில் கூட்டம். முறை வந்ததும் இரண்டு பாண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக நீட்டி, "எங்க வூட்டுக்காரரு பாலிசி சார். இத மறுபடி கட்ட முடியுமா?" என்று கேட்டாள்.

கவுண்டரில் இருந்தவர் முதல் எண்ணைத் தட்டினார். இரண்டாவதைத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டும் அவரு பாலிசின்னு யாரும்மா சொன்னது?"

---

இங்கே நிற்கிறது. என் எண்ணம் இதுதான். முதல் பாண்டு கணவன் பேரில். இரண்டாவது அவள் பேரிலேயே போட்டது, அவளுக்கே தெரியாது. கையெழுத்து மட்டும் வாங்கியிருப்பார். கதை நடப்பது 2025 நவம்பர். கணவன் இறந்தது 2023 மார்ச், மாரடைப்பு. இதற்கு மேல் சரியாக எழுத விவரம் வேண்டும்.

சிப்காட்காரன்:
கதை நல்லா இருக்கு அக்கா. ஆனா எதிர்வீட்டு அண்ணன் சொன்னது சரிதான். கட்டாமல் விட்டால் பணம் போச்சு. ஒரே வழி, லாப்ஸ் ஆகி ஐந்து வருஷம் தாண்டவில்லை என்றால் மொத்த பாக்கியையும் வட்டியோடு கட்டிப் புதுப்பிக்கலாம். முதல் பாண்டையும் அப்படியே கட்டி உயிர் கொடுத்துவிட்டு அப்புறம் கிளெய்ம் போட்டால் முழுத் தொகை கிடைக்கும். எங்கள் ஆலையில் ஒருத்தர் வீட்டில் அப்படித்தான் செய்ததாகச் சொன்னார்கள்.

பாகூர் பையன்:
இதே பிரச்சினைதான் எங்களுக்கும். பெரியப்பா போன மாசம் தவறிட்டாரு. ஸ்கூட்டர் அவர் பேரில். இன்ஷூரன்ஸ் ஜனவரி வரைக்கும் இருக்கு. பெரியம்மா பேரில் ரினியூ பண்ண முடியுமா? ஆர்.சி. புதுச்சேரி நம்பர்.

ஓய்வு பெற்ற குமாஸ்தா:
தம்பி சிப்காட்காரன், நீங்கள் சொன்னதில் ஐந்து வருஷக் கணக்கு மட்டும் சரி. மற்றதை யாரும் செய்துவிடாதீர்கள். ஆயுள் காப்பீட்டில் யார் உயிரின் பேரில் பாலிசியோ அவர் இறந்த நாளோடு புதுப்பிக்கும் பேச்சே முடிந்துவிடும். புதுப்பிக்கும்போது, நான் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறேன் என்று அந்த ஆள் கையெழுத்துப் போட வேண்டும். இறந்தவர் எப்படிப் போடுவார்? சாவை மறைத்துப் பணம் கட்டினால் அது மோசடி. கிளெய்ம் போடும்போது இறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதியே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் ஆலையில் நடந்ததாகக் கேள்விப்பட்டது வேறு ஏதாவதாக இருக்கும்.

கெடிலக்கரை அம்மா, நான் பிராஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன். உங்கள் இரண்டாவது பாண்டு எனக்கு மிகவும் பிடித்தது. அது நிஜமாகவே நடக்கும். சம்பாத்தியம் இல்லாத மனைவி பேரில் பாலிசி எழுதும்போது, கணவனுக்கு முதலில் அதே அளவுக்காவது பாலிசி இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அதனால் 2009-இல் அவருக்கு ஒரு லட்சம், 2012-இல் அவளுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் கச்சிதமாகப் பொருந்தும். புயல் அடித்த இரண்டாம் மாதம், பிப்ரவரி 2012-இல், ஏஜென்ட் வந்து போட்டுக்கொடுத்தார் என்று எழுதுங்கள். கூரை போன வீட்டுக்கு ஏஜென்ட் வருவார், நம்பலாம்.

ஒன்று கேட்கிறேன். எந்தெந்த மாசத்தோடு கட்டுவதை நிறுத்தினார்கள்? அதுதான் எல்லாம். திரையில் `FUP` என்று ஒரு தேதி வரும். முதல் கட்டாத தவணை. கவுண்டரில் இருப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான், ஆளின் முகத்தை அல்ல.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றி சார். அப்படியென்றால், முதல் பாண்டு ஜூன் 2009, இருபது வருஷம், ஒரு லட்சம், மூன்று மாதத்துக்கு ஒரு தவணை. 2019 மார்ச் தவணையோடு நின்றுவிட்டது. இரண்டாவது பிப்ரவரி 2012, அதுவும் இருபது வருஷம், ஒரு லட்சம், ஆறு மாதத்துக்கு 2,600 ரூபாய். ஆகஸ்ட் 2020 தவணை கடைசி. தன்னுடையதை முதலில் நிறுத்திவிட்டு அவளுடையதை முடிந்தவரை கட்டினார் என்று வைத்துக்கொள்கிறேன். இதைக் கதையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அரியாங்குப்பம் அக்கா:
சொல்லாமல் விடு, அதுதான் நல்லது. ஆனால் "ஆஸ்பத்திரிச் சீட்டு" என்று அவர் பொய் சொன்ன இடத்தை எடுத்துவிடாதே. கதையின் முதுகெலும்பு அங்கேதான் இருக்கிறது. எதிர்வீட்டு அண்ணன் டீ குடிக்கப் போவதும் நன்றாக இருக்கிறது, நம் தெருவில் எல்லோரும் அப்படித்தான்.

ஓய்வு பெற்ற குமாஸ்தா:
முதல் பாண்டு. இருபது வருஷத்துக்கு 80 தவணை. பத்து வருஷம் கட்டினார், அது 40 தவணை. மூன்று வருஷம் முழுசாகக் கட்டிய பழைய எண்டோமென்ட் பாலிசி, நின்றுபோனாலும் செத்துப்போகாது. கட்டிய விகிதத்துக்குச் சுருங்கி நிற்கும். நாங்கள் பெய்ட்-அப் என்போம். 80-க்கு 40 என்றால் ஒரு லட்சத்தில் ஐம்பதாயிரம். அதோடு அந்தப் பத்து வருஷத்தில் ஏற்கெனவே சேர்ந்த போனஸ். போனஸ் வருஷத்துக்கு வருஷம் மாறும், கதைக்காக ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 4,000, பத்து வருஷத்துக்கு 40,000. மொத்தம் தொண்ணூறாயிரம். அவர் பாலிசி மேல் கடன் வாங்கியிருந்தால் அதுவும் வட்டியும் கழியும். போட்ட காசு போச்சு என்பது மூன்று வருஷம்கூட நிரம்பாத பாலிசிக்குத்தான் பொருந்தும்.

இன்னொன்றும் கதைக்குள் வரலாம். எல்.ஐ.சி.யில் ஒரு சலுகை உண்டு. மூன்று வருஷம் கட்டியவர் கட்டாத தவணையிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறந்தால், அல்லது ஐந்து வருஷம் கட்டியவர் பன்னிரண்டு மாதத்துக்குள் இறந்தால், பாக்கித் தவணையை வட்டியோடு கழித்துக்கொண்டு முழுத் தொகையைக் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் மாணிக்கம் 2020 ஜூனுக்கு முன்னால் இறந்திருந்தால் கணக்கு வேறு. 2023 என்பதால் சுருங்கிய தொகைதான்.

இதற்கு அவள் புதுப்பிக்க எதுவும் இல்லை. கிளெய்ம் படிவம், இறப்புச் சான்றிதழ், அசல் பாண்டு, அவளுடைய அடையாளச் சான்று, பேங்க் பாஸ்புக் நகல். நாமினி அவள் என்றால் வாரிசுச் சான்று கேட்க மாட்டார்கள். இரண்டரை வருஷம் தாமதமாக வந்தாய் என்பதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சொல்லிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்பார்கள். பாண்டு பெட்டியில் இருந்தது தெரியாது என்று எழுதினால் போதும்.

பாகூர் தம்பி, உங்களுடையது வண்டிப் பாலிசி, சங்கதியே வேறு. வண்டிச் சொந்தக்காரர் இறந்தால் பாலிசி உடனே காலாவதி ஆகாது. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, எது முன்னால் வருகிறதோ அதுவரை ஓடும். அதற்குள் ஆர்.சி.யைப் பெரியம்மா பேருக்கு மாற்றுகிற வேலையைத் தொடங்கிக் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். ஜனவரிவரை காத்திருந்துவிட்டு இறந்தவர் பேரிலேயே ரினியூ செய்யாதீர்கள்.

பாகூர் பையன்:
நன்றி சார். தப்பான இழைக்கு வந்திருந்தாலும் வேலை ஆச்சு.

பண்ருட்டி மருமகள்:
சார், நான் கதை கேட்க வந்தவள் இல்லை. என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆகுது. அவர் பாண்டில் நாமினி அவங்க அம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது, மாத்தவே இல்லை. மாமியார் இருக்காங்க. பணம் அவங்களுக்குத்தான் போகும்னு ஆபீஸில் சொல்றாங்க. எனக்கும் பையனுக்கும் ஒன்றும் இல்லையா?

ஓய்வு பெற்ற குமாஸ்தா:
அம்மா, ஆபீஸைப் பொறுத்தவரை நாமினி உயிரோடு இருந்தால் பணம் அவர் கைக்குத்தான் போகும். அதை அவர்கள் மாற்ற முடியாது. ஆனால் வாங்கியவரே வைத்துக்கொள்ளலாமா, மற்ற வாரிசுகளுக்குப் பங்கு உண்டா என்பதில் 2015-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் கோர்ட்டுகள் ஒரே மாதிரிப் பேசவில்லை. பெற்றோர், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்கிற வகையில் அந்தத் திருத்தம் இருக்கிறது. பாண்டு அதற்கு முந்தியதா, முதிர்வு எப்போது என்பதெல்லாம் பார்க்க வேண்டும். மாமியார் பணத்தை வாங்குவதற்குள் ஒரு வக்கீலைப் பாருங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். இதற்கு மேல் நான் சொன்னால் அது ஊகம்.

பண்ருட்டி மருமகள்:
மாமியாரிடம் பேசிப் பார்க்கிறேன் சார். அவங்களும் கெட்டவங்க இல்லை. மச்சாண்டார்தான்.

சிப்காட்காரன்:
சரி சார், மோசடி என்று தெரியாது. இரண்டாவது பாண்டுக்காவது என் கணக்கு செல்லுமா? ஆனாலும் ஒன்று கேட்கிறேன், பாக்கி கட்டுகிற பணத்தை அப்படியே போஸ்ட் ஆபீஸில் போட்டால் லாபம் அதிகம் இல்லையா? அதுவும் சுருங்கி நிற்கும்தானே, விட்டுவிட்டால் என்ன?

ஓய்வு பெற்ற குமாஸ்தா:
நல்ல கேள்வி. வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

அவள் பாலிசியில் கட்டாத முதல் தவணை பிப்ரவரி 2021. ஐந்து வருஷம் பிப்ரவரி 2026-இல் முடிகிறது. கதை நடப்பது நவம்பர் 2025. கையில் மூன்று மாதம்தான். கெடிலக்கரை அம்மாவுக்குக் கதையில் ஒரு அவசரம் கிடைத்துவிட்டது, கேட்காமலே. (எல்லாப் பாலிசிக்கும் ஐந்து வருஷம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். 2014-க்கு அப்புறம் சில வருஷம் விற்றவற்றில் இரண்டு வருஷம்தான் கொடுத்தார்கள். பங்குச் சந்தையோடு இணைந்தவை மூன்று வருஷம். பாண்டின் பின்பக்க நிபந்தனையைப் படிக்க வேண்டும்.)

பாக்கி பத்துத் தவணை, 26,000. வட்டி ஒன்பதரை சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட்டுவது என்று வைத்தால் சுமார் 7,000 வரும். ஆக 33,000. அப்புறம் பிப்ரவரி 2026-லிருந்து ஆகஸ்ட் 2031 வரை பன்னிரண்டு தவணை, 31,200. மொத்தம் 64,000 சொச்சம் கையிலிருந்து போகிறது.

விட்டுவிட்டால்? நாற்பதில் பதினெட்டுத் தவணை கட்டியிருக்கிறது. 45,000, ஒன்பது வருஷ போனஸ் 36,000, சேர்த்து 81,000, அதுவும் 2032-இல்தான். புதுப்பித்தால் நின்றுபோன வருஷங்களின் போனஸும் திரும்பி வரும். ஒரு லட்சமும் இருபது வருஷத்துக்கு 80,000-மும் சேர்த்து 1,80,000. வித்தியாசம் 99,000. 64,000 போட்டு, அதில் பாதி இன்றைக்கு, பாதி தவணையாக, ஆறே கால் வருஷத்தில் 99,000 என்றால் வருஷத்துக்கு ஒன்பது சதவீதத்துக்குப் பக்கம் விழுகிறது. போஸ்ட் ஆபீஸ் அதைத் தராது. நடுவில் அவளுக்கு ஏதாவது ஆனால் மகளுக்கு முழுத் தொகை. இது போனஸ் அனுமானத்தின் மேல் நிற்கிற கணக்கு. போனஸ் குறைந்தால் இதுவும் குறையும். நான்கைந்து தவணையே கட்டிய பாலிசியில் இப்படி வராது, அங்கே தம்பி சொல்வது சரியாக இருக்கும்.

சிப்காட்காரன்:
புதுப்பிப்பு மேளா என்று போடுகிறார்களே, அப்போது போனால் வட்டி முழுசும் தள்ளுபடி. அதுவரை காத்திருக்கலாமே.

ஓய்வு பெற்ற குமாஸ்தா:
முழுசும் இல்லை தம்பி. தாமதக் கட்டணத்தில் ஒரு பங்கு, அதற்கும் மேல் வரம்பு உண்டு. தவணைப் பாக்கியில் ஒரு ரூபாயும் குறையாது. 7,000 வட்டியில் ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சப்படலாம். அதற்காகக் காத்திருந்து பிப்ரவரியைத் தாண்டிவிட்டால் எல்லாம் போச்சு. முகாம் நடக்கும்போது கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கெடிலக்கரை:
சார், 33,000-க்கு அவள் எங்கே போவாள்? ஜாக்கெட் தைத்து வாழ்பவள். கதை இங்கே முட்டுகிறது.

ஓய்வு பெற்ற குமாஸ்தா:
முட்டவில்லையே அம்மா. முதல் பாண்டின் தொண்ணூறாயிரம் எங்கே போயிற்று?

அரியாங்குப்பம் அக்கா:
ஐயோ சார்! நீங்களே எழுதியிருக்கலாமே இந்தக் கதையை.

ஓய்வு பெற்ற குமாஸ்தா:
எனக்கு எழுதவெல்லாம் வராது, நோட் ஷீட்தான் வரும். இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே நாளில் கொடுக்கச் சொல்லுங்கள். பத்து வருஷம் ஓடிய பாலிசிக்கு விசாரணை இருக்காது, சில வாரத்தில் பணம் வந்துவிடும். வரத் தாமதமானால், அவளுடைய இரண்டாவது பாலிசியின் மேலேயே கடன் எடுத்துப் பாக்கியைக் கட்டும் வழி இருக்கிறது. தவணை முறையில் பாக்கியைப் பிரித்துக் கட்டவும் கேட்கலாம். இரண்டையும் கவுண்டரில் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் பார்ப்பார்கள்.

கதையில் ஒரு கண்டம் மட்டும் பாக்கி இருக்கிறது. அவளுக்கு உடம்பு எப்படி?

கெடிலக்கரை:
நாற்பத்து மூன்று வயது. யோசிக்கவில்லை. சர்க்கரை என்று வைக்கலாமா? எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இருக்கிறது.

சிப்காட்காரன்:
வைக்காதீங்க அக்கா. சர்க்கரை என்று எழுதினால் ரிஜெக்ட். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் ஏஜென்ட் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்றுதான் போடச் சொல்வார்.

ஓய்வு பெற்ற குமாஸ்தா:
இதைத்தான் வைக்க வேண்டும். புதுப்பிக்கும்போது 680-ஆம் எண் படிவம் ஒன்று தருவார்கள், உடல்நல உறுதிமொழி. சர்க்கரை உண்டா, ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயா என்றெல்லாம் கேட்கும். ஏஜென்ட் ஏன் "இல்லை" போடச் சொல்கிறார்? அவருக்கு அன்றைக்கே வேலை முடிய வேண்டும். பின்னால் வருவது அவருக்கு இல்லை. காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவில், மூன்று வருஷம் கழிந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த மூன்று வருஷம் எங்கிருந்து எண்ணப்படும் தெரியுமா? பாலிசி கொடுத்த நாள், புதுப்பித்த நாள், இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து. 2012-இல் போட்ட பாலிசிக்கு 2015-லேயே கிடைத்துவிட்ட பாதுகாப்பு, 2025-இல் புதுப்பித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவள் 2027-இல் இறந்து, ஆஸ்பத்திரிச் சீட்டில் "ஏழு வருஷமாகச் சர்க்கரை" என்று ஒரு டாக்டர் கிறுக்கியிருந்தால் போதும். மகளுக்கு வர வேண்டிய பணம் சிக்கலில் மாட்டும்.

உண்மையை எழுதினால் ரிஜெக்ட் என்பதும் இல்லை. அவர்கள் வைத்திருக்கும் டாக்டரிடம் அனுப்புவார்கள், ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அப்படியே ஏற்கலாம், கூடுதல் பிரீமியம் போடலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் அந்தச் சுருங்கிய 81,000 அப்படியே இருக்கும், குறையாது.

பணம் கட்டியவுடனே புதுப்பித்ததாகவும் ஆகாது. ஏற்றுக்கொள்ளும்வரை அது டெபாசிட்டாகத்தான் கிடக்கும். நடுவில் ஏதாவது ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் கடைசி வாரம் வரை இழுக்கக் கூடாது.

முதுநகர் மீனவன்:
எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பிராஞ்சுக்கே போகணும்னு இல்லை. 56767877-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பதில் வரும், நடுவில் பாலிசி எண்ணைப் போடணும்:

```
ASKLIC 123456789 REVIVAL
```

ஓய்வு பெற்ற குமாஸ்தா:
ஆமாம், தொகை தெரிந்துகொள்ள நல்லது. மருத்துவம் கேட்பார்களா என்பது அதில் வராது. கதையில் கவிதா அனுப்பட்டும், அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தானாக வரும்.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. மீதியை எழுதிவிட்டேன்.

---

"ரெண்டும் அவரு பாலிசின்னு யாரும்மா சொன்னது?"

"பெட்டியில ஒண்ணா இருந்துச்சு சார்."

அவர் முதல் பாண்டைத் தனியாக வைத்தார். "இது அவரோடது. இத நீங்க கட்ட முடியாது, நாங்கதான் குடுக்கணும்." இரண்டாவதைத் திருப்பி, ஒரு வரியின் கீழ் பேனாவை வைத்தார். "இங்க இருக்கிற பேரு யாரு?"

செல்வி எழுத்துக் கூட்டினாள். தன் பெயரைத் தவிர அந்தத் தாளில் அவளுக்குத் தெரிந்த வார்த்தையே இல்லை. கீழே அவள் போட்ட கையெழுத்தும் இருந்தது. புயலுக்கு அப்புறம் நிவாரணத்துக்கு என்று ஒரு நாள் நிறையத் தாளில் கையெழுத்து வாங்கினாரே, அதில் ஒன்றாக இருக்கும்.

"நாமினி மாணிக்கம்னு இருக்கு. அத முதல்ல மாத்தணும்" என்றார் அவர். "பிப்ரவரிக்குள்ள கட்டிப்புடணும். தாண்டிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கிளெய்ம் படிவத்தைக் கவிதா எழுதினாள். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், "பெட்டியைத் திறக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை" என்று எழுதிவிட்டாள். கவுண்டர்காரர் படித்தார். அடித்துவிட்டு, "பாலிசி இருப்பது தெரியாது" என்று எழுதச் சொன்னார்.

680-ஆம் படிவத்தில் ஏழாவது கேள்வியில் செல்வியின் கை நின்றது. பக்கத்தில் நின்ற ஏஜென்ட் ஒருவர் தாழ்ந்த குரலில், "எல்லாத்துக்கும் இல்லைன்னு போடும்மா, இன்னிக்கே முடிஞ்சுடும்" என்றார்.

"மாத்திரை சாப்பிடறனே."

"அது யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்கு இவர எவ்வளவோ தெரியும்னு நெனச்சேன்" என்றாள் செல்வி. ஏஜென்டுக்கு அது எதற்கான பதில் என்று புரியவில்லை. அவள் "ஆம்" என்பதில் வட்டம் போட்டு, மாத்திரையின் பெயரைப் பையிலிருந்த அட்டையைப் பார்த்து எழுதச் சொன்னாள்.

ரத்தம் கொடுத்தாள். முதல் பாண்டின் பணம் டிசம்பரில் பாஸ்புக்கில் ஏறியது. அதிலிருந்து 33,000 எடுத்துக் கட்டினாள். ஜனவரியில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புதுப்பிப்பு ஏற்கப்பட்டது, தவணைக்குக் கூடுதலாக 90 ரூபாய். கவிதா நாமினி.

"தொண்ணூறு ரூபா எதுக்கு?" என்றாள் கவிதா.

"உண்மை சொன்னதுக்கு."

---

அரியாங்குப்பம் அக்கா:
கடைசி வரி எனக்கு ஒப்பவில்லை. கொஞ்சம் நாடகத்தனம். "சர்க்கரைக்கு" என்று சொல்லியிருந்தால் போதும். மற்றபடி, காரணத்தை அடித்து எழுதச் சொல்லும் இடம் பிரமாதம்.

ஓய்வு பெற்ற குமாஸ்தா:
படிவத்தில் ஏழாவது கேள்வி என்று எண் போடாதீர்கள், படிவம் அவ்வப்போது மாறும். "ஒரு கேள்வியில்" என்றால் போதும். கூடுதல் பிரீமியத் தொகை அவரவர் உடம்பைப் பொறுத்தது, கதைக்கு 90 இருக்கட்டும். ஆனால் கூடுதல் கேட்டால் முதலில் அவள் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் ஏற்பு. கடிதம் இரண்டு தடவை வரும்.

சிப்காட்காரன்:
சார், ஒரு உதவி. என் மனைவி பேரில் 2015-இல் ஒன்று போட்டேன், 2022-இல் விட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன இரண்டு வருஷக் கணக்குக்குள் வருமா?

ஓய்வு பெற்ற குமாஸ்தா:
பாண்டை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள் தம்பி. இரண்டு என்று இருந்தால் காலம் தாண்டிவிட்டது, ஆனாலும் பழைய பாலிசிகளுக்கு அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிப்பார்கள். ஏழு வருஷம் கட்டியிருப்பதால் சுருங்கிய தொகை எப்படியும் இருக்கும். பாலிசி எண்ணை இங்கே போடாதீர்கள், நேரில் பிராஞ்சுக்குப் போய்க் கேளுங்கள்.

கெடிலக்கரை:
சம்மதக் கடிதத்தைச் சேர்த்துவிடுகிறேன் சார். "உண்மை சொன்னதுக்கு" இருக்கட்டுமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அக்கா சொல்வதும் சரியாகத்தான் படுகிறது, ஆனால் செல்வி அப்படித்தான் பேசுவாள்.

பண்ருட்டி மருமகள்:
இருக்கட்டும் அக்கா. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.